லண்டன் அகதி வழக்கு நிராகரிப்பு: கடிதத்தில் எதைப் பார்க்க வேணும்?

கோப்பாய், ஒரு அம்மா: மகனுக்கு லண்டனில கேஸ் றிஜெக்ட். பதினாலு பக்கக் கடிதத்தை வாட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறான். எங்கயிருந்து வாசிக்கிறது?

கடைசிப் பக்கங்களில இருந்து தொடங்குங்கோ அம்மா. மேன்முறையீட்டு உரிமை உண்டா இல்லையா எண்டு அங்கதான் இருக்கும். இருந்தால், முடிவை அனுப்பின நாளிலிருந்து 14 நாளுக்குள்ள முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேணும். மகன் கடிதத்தைத் திறந்த நாளைக் கணக்கில எடுக்கமாட்டினம். கோரிக்கை தெளிவாகவே ஆதாரமற்றது எண்டு சான்றுப்படுத்தியிருந்தால் மேன்முறையீடு இல்லை, முடிவு சட்டப்படி எடுத்ததோ எண்டு நீதிமன்றம் பார்க்கிற நீதிமுறை மீளாய்வுதான். அதைத் தாமதமில்லாமல், எப்படியும் 3 மாதத்துக்குள்ள போட வேணும்.

பிறகு முன்னுக்கு வந்து, ஒவ்வொரு பந்தி இலக்கத்தையும் கொப்பியில எழுதி, பக்கத்தில "ஏற்றுக்கொண்டது", "ஏற்கவில்லை", "ஏன்" எண்டு மூண்டு நிரல் போடுங்கோ. பேர், ஊர், தமிழர் எண்டதை ஏற்றிருந்தால் அதுக்காகத் திருப்பி வாதாடத் தேவையில்லை. சண்டை முழுக்க "ஏன்" எண்ட நிரலிலதான்.

அதே அம்மா: 23ஆம் பந்தியில, தன்னைப் பிடிச்ச திகதியை மாத்திச் சொன்னான் எண்டு கிடக்கு. அவன் பொய் சொல்லேல்ல.

முதல் நேர்காணல் பதிவில என்ன இருக்கு?

"ஓகஸ்ற் 2019". ரெண்டாவதில "செப்ரெம்பர் நடுப்பகுதி".

ரெண்டாவதில தமிழில "ஆவணிக் கடைசி" எண்டு சொன்னவனோ எண்டு கேளுங்கோ. எங்கட பேச்சில ஆவணி எண்டால் ஓகஸ்ற். பஞ்சாங்கக் கணக்கில ஆவணி செப்ரெம்பர் நடுவிலதான் முடியும். மொழிபெயர்ப்பாளர் அப்படி எடுத்திருந்தால் முரண்பாடு அவரிடத்தில பிறந்தது. சொலிசிற்றர் நேர்காணலின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி, அந்த இடத்தை வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு எழுத்தில எடுக்க வேணும். "பயத்தில குழம்பிட்டான்" எண்டு பொதுவாச் சொன்னால் அந்தப் பந்தி அப்படியே நிக்கும்.

சாவகச்சேரி, ஒரு ஐயா: ஊர்வலத்தில நிண்ட படம் காணும்தானே? இலங்கைத் தமிழர் வழக்குகளுக்கு லண்டன் மேல்நிலைத் தீர்ப்பாயம் தந்த 2021 தீர்ப்பு இருக்கே.

தீர்ப்பு இருக்கு, ஆனால் அது பார்க்கச் சொல்றது தமிழ்ப் பிரிவினைவாதத்தில குறிப்பிடத்தக்க பங்கு உள்ளவராக இலங்கை அரசு அவரைக் கருதுமா எண்டதை. எந்த அமைப்பு, என்ன வேலை, எவ்வளவு காலம், ஊரில முன்கதை, குடும்பத் தொடர்பு எல்லாம் சேர்த்துத்தான் எடை போடுவினம். கூட்டத்தில நிண்ட ஒரு படம் தனியே அந்தப் பாரத்தைச் சுமக்காது.

மானிப்பாய், ஒரு அக்கா: தம்பி சுவிசில. அங்க 30 நாள் இருக்காம், ஆறுதலாச் செய்யலாம்தானே?

அது வேற நாடு, வேற சட்டம். விரிவான நடைமுறைக்குத்தான் 30 நாள். துரித நடைமுறையில 7 வேலைநாள் மட்டுமே. கடிதத்தின் கடைசிப் பந்தியில எது எழுதியிருக்கோ அதுதான் கணக்கு. மேன்முறையீடு போறது சென் காலனில இருக்கிற கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்கு.

கோப்பாய் அம்மா: ஐயோ, கடிதம் அனுப்பி இண்டைக்கு 16 நாள்.

இண்டைக்கே போடச் சொல்லுங்கோ. கால நீடிப்பு கேட்கலாம். ஒவ்வொரு நாளும் ஏன் போச்சு எண்டதுக்குத் தாளோட காரணம் வேணும்: கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது, சொலிசிற்றரோட பேசின மின்னஞ்சல், மருத்துவக் கடிதம். ஏற்பதும் விடுவதும் தீர்ப்பாயத்தின் கையில. உறையை எறியாமல் வைச்சிருக்கிறானோ எண்டு முதல்ல கேளுங்கோ.