எக்ஸ்பயரி அன்று ஸ்ட்ரைக் பக்கத்தில் நிற்கும் பங்கு

கேள்வி: அமெரிக்கப் பங்கு ஒன்றில் 100/95 புட் ஸ்பிரெட் விற்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை எக்ஸ்பயரி. பங்கு 100-ஐ ஒட்டியே நிற்கிறது. 100-க்கு மேல் முடிந்தால் அப்படியே விட்டுவிடலாமா? எப்படியும் நஷ்டத்துக்கு வரம்பு இருக்கிறதே?

விடாதீர்கள். சந்தை முடிவதற்குள் அந்த 100 புட்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள். நீங்கள் நினைக்கும் வரம்பு, 95 புட் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான்.

நியூயார்க் நேரப்படி மாலை 4 மணிக்கு உங்கள் ஆப்ஷனின் வர்த்தகம் நின்றுவிடும். பங்கோ 8 மணி வரை கைமாறிக்கொண்டிருக்கும். புட் வாங்கியவர் எக்ஸர்சைஸ் செய்வதா வேண்டாமா என்று 5.30 வரை சொல்லலாம். சில புரோக்கர்கள் இன்னும் முன்னதாகவே கேட்பார்கள். ஒரு சென்ட் லாபத்தில் முடிந்தாலும் தானாக எக்ஸர்சைஸ் ஆகிவிடும் என்பது பொதுவிதி. ஆனால் வாங்கியவர் அதை மாற்றிச் சொல்லலாம். விற்ற நமக்கு அந்த உரிமை கிடையாது.

உங்கள் கணக்கையே பார்ப்போம். பிரீமியமாக 1.20 டாலர் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச நஷ்டம் ஒரு லாட்டுக்கு 380 டாலர். பங்கு 100.05-இல் முடிகிறது, நிம்மதி. நாலரைக்கு ஒரு கெட்ட செய்தி வந்து பங்கு 97-க்கு இறங்குகிறது. புட் வாங்கியவர் சும்மா இருப்பாரா? எக்ஸர்சைஸ் செய்கிறார். உங்கள் 95 புட்டும் அன்றோடு காலாவதி. 97-இல் அதை எக்ஸர்சைஸ் செய்தாலும் பிரயோஜனமில்லை. வார இறுதியில் கணக்கைத் திறந்தால், 10,000 டாலருக்கு வாங்கிய 100 பங்குகள் உட்கார்ந்திருக்கும். திங்கள் காலை 92-இல் திறந்தால் 800 போய், பிரீமியம் கழித்து 680 டாலர் நஷ்டம். பத்து லாட் என்றால் ஒரு லட்சம் டாலர் பங்கு. உங்கள் மார்ஜின் அதைத் தாங்குமா என்று யோசியுங்கள்.

அசைன்மென்ட் எல்லா லாட்டுக்கும் வரும் என்பதும் இல்லை. பத்தில் நான்குக்கு மட்டும் வரலாம். அதனால் பங்கை முன்கூட்டியே ஷார்ட் செய்து சமாளிக்கவும் முடியாது. எத்தனை வரும் என்று தெரியாமல் எத்தனை விற்பது? மூன்றே முக்காலுக்கு அந்த புட்டுக்கு 15 சென்ட் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். 15 டாலரோடு போகும்.

எக்ஸ்பயரிக்கு முன்பே அசைன்மென்ட் வந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். அப்போது 95 புட் கையில் இருக்கும், வரம்பும் இருக்கும். கால் விற்றிருந்தால் மட்டும் எக்ஸ்-டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய நாள் கவனம் தேவை. பங்கு 58, நீங்கள் விற்றது 50 கால், டிவிடெண்ட் 60 சென்ட் என்று வையுங்கள். அதே ஸ்ட்ரைக் புட் 10 சென்ட்டுக்குக் கிடைத்தால், கால் வாங்கியவர் அன்றே எக்ஸர்சைஸ் செய்து டிவிடெண்டை எடுத்துக்கொள்வார். கையில் பங்கு இல்லாமல் விற்றிருந்தால் ஷார்ட் ஆகி, அந்த 60 சென்ட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

என்எஸ்இ-யில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, எக்ஸ்பயரிக்கு முன் எக்ஸர்சைஸ் கிடையாது. அமெரிக்காவில் அப்படி வேண்டுமானால் SPX இன்டெக்ஸ் ஆப்ஷன் இருக்கிறது. ரொக்கத்தில் கணக்கு முடிவதால் திங்களன்று கையில் பங்கு வந்து நிற்காது. SPY அப்படியில்லை, அது உங்கள் பங்கைப் போலத்தான்.