ரேமா, ஸ்லாட்டா: நீலத் திரைக்குக் காரணம் எது?

"ரெண்டு ரேமையும் இடம் மாற்றினேன், ரேம் வேகத்தைக் கூட்டும் XMP-யை அணைத்தேன், டிரைவரும் புதுசு. ரெண்டு நாள் நன்றாக ஓடி, மறுபடி நீலத் திரை. எதனால் என்றே புரியவில்லை."

மூன்றையும் சேர்த்து மாற்றியதால் அந்த ரெண்டு நாள் எதையும் நிரூபிக்காது. XMP அணைந்தே இருக்கட்டும், டிரைவரைத் தொடாதீர்கள்.

ரேம்களில் 1, 2 என்று டேப் ஒட்டுங்கள். பவரை அணைத்து, 1-ஐ மட்டும் மதர்போர்டின் A2 ஸ்லாட்டில் போட்டு, ரேமைச் சோதிக்கும் MemTest86 நிரலை நான்கு முழுச் சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிறகு அதே A2-வில் 2. ஒவ்வொரு முறையும் ரேம், ஸ்லாட், XMP, முடிவு என ஒரு வரி எழுதுங்கள். பிழை வராத ஓட்டத்தையும் விடாதீர்கள், பின்னால் அதுதான் உதவும்.

2-இல் மட்டும் பிழை என்றால் அதை B2-வுக்கு மாற்றுங்கள். அங்கும் வந்தால் ரேம் கெட்டது. A2-வில் இரண்டுமே தோற்று B2-வில் தேறினால் சந்தேகம் ஸ்லாட் மீதோ பிராசஸர் சாக்கெட் மீதோ.

தனித்தனியே தேறினால் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள், கடைசியாக XMP. அதில் மட்டும் பிழை என்றால் வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். எல்லாமே தேறினால்தான் டிரைவர் பக்கம் போகவேண்டும்.