வீட்டுக்கு ஒரு ஓட்டு: லாகின் வேண்டாம், ஓடிபி-யும் வேண்டாம்

*“சார், சத்துவாச்சாரியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் 240 வீடு. மீதி நிதியில் கேமராவா, தெருவிளக்கா என்று கேட்க நானே பிஎச்பி-யில் ஓட்டுப் பக்கம் செய்தேன். 611 ஓட்டு விழுந்தது. ஐபி முகவரியை வைத்துத் தடுத்தேன். ஓட்டே போடாதவர்களுக்கு ‘ஏற்கனவே போட்டாச்சு’ என்று வருகிறது. லாகின் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். ஓடிபி வைத்துத் தர ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?”*

கொடுக்காதீர்கள், தம்பி. ஓடிபி எண்ணுவது சிம் கார்டை, வீட்டை அல்ல. நம் நாட்டில் ஒருவர் பேரில் 9 சிம் வரை வாங்கலாம். அப்பா, அம்மா, காட்பாடியில் படிக்கும் பையன் என்று மூன்று போன் உள்ள வீட்டுக்கு மூன்று ஓட்டு. 18,000 செலவழித்த பிறகும் 240 வீட்டுக்கு 611 ஓட்டு விழத்தான் செய்யும்.

இந்த ஓடிபி இடைத்தரகர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப மொபைல் கம்பெனிகளிடம் டிஎல்டி என்ற பதிவு வேண்டும். சங்கத்தின் பேர், அனுப்புநர் குறியீடு, எஸ்எம்எஸ் வாசகம் மூன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒரு சங்கத்துக்காக நானே செய்யப் போனேன். பான் கார்டில் ஒரு எழுத்து வித்தியாசம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். எந்த எழுத்து என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. இந்த அலைச்சலைக் காட்டித்தான் தரகர் ‘எங்கள் பதிவிலேயே அனுப்பித் தருகிறோம், நம்பர் லிஸ்டை மட்டும் கொடுங்கள்’ என்பார். 240 வீட்டு நம்பரும் அவர் கைக்குப் போய்விடும். அடுத்த வாரமே மனை விற்கிறவர்கள் எல்லா வீட்டுக்கும் போன் செய்தால், நம்பர் எப்படிப் போனது என்று உங்களைத்தான் கேட்பார்கள். ‘போனின் அடையாளத்தை வைத்தே கண்டுபிடிப்போம்’ என்று இன்னொருவர் வருவார். ஒரே மாடல், ஒரே வெர்ஷன் போன் இரண்டு அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். தீபாவளி ஆஃபரில் தெருவே ஒரே போன் வாங்குகிற ஊரில் அதை வைத்து என்ன செய்வது?

ஐபி முகவரி ஏன் காலை வாரியது என்பதை உங்கள் சர்வர் லாகிலேயே பார்க்கலாம். மொபைல் கம்பெனிகள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரே முகவரியிலிருந்து சில நிமிடங்களில் பத்துப் பதினைந்து வெவ்வேறு போன்கள் வந்து தடைபட்டிருந்தால், அது ஓட்டு போட வந்த அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். நடுராத்திரியில் இருபது விநாடிக்கு ஒன்றாக, வேறு வேறு முகவரியிலிருந்து, அத்தனையும் ஒரே பக்கம் விழுந்திருந்தால், அது ஏரோபிளேன் மோடை ஆன், ஆஃப் செய்துகொண்டிருந்த ஒரே ஆள். ஒழுங்கானவர்களை நிறுத்தி, கள்ள ஓட்டுக்கு வழிவிடும் தடை இது. குக்கியும் அப்படித்தான், இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தால் அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது: யார் யாருக்கு ஓட்டு என்று முன்பே தெரியும். 240 வீடு, 240 சீட்டு. சீட்டுக்கு ஒரு ரகசியக் குறியீடு, அது ஒருமுறைதான் செல்லும். ஒரு தாளில் 16 சீட்டு வந்தால் 15 தாளில் வேலை முடிந்தது. குறியீட்டுக்கு 6 எழுத்து போதும். 0, 1, O, I, L ஐந்தையும் விட்டுவிடுங்கள், பெரியவர்கள் தடுமாறுவார்கள். மிச்சம் 31 எழுத்து. அதில் ஆறு சேர்த்தால் சுமார் 89 கோடி வகை; குருட்டாம்போக்கில் தட்டுபவருக்குச் சராசரியாக 37 லட்சம் முயற்சிக்கு ஒன்று சிக்கும். ஒரு முகவரியிலிருந்து தவறான முயற்சிகள் குவிந்தால் மட்டும் சற்று நேரம் நிறுத்திவையுங்கள். ஐபி முகவரிக்கு இங்கே அந்த வேலை மட்டுமே. எழுத்துகளை `rand()` வைத்து எடுக்காதீர்கள், அதை ஊகிக்க முடியும், `random_int()` வையுங்கள்.

அடுத்தது, நிறையப் பேர் வழுக்கி விழும் இடம். ‘இந்தக் குறியீடு போட்டாச்சா?’ என்று முதலில் கேட்டு, இல்லை என்றால் பிறகு எழுதுவது தப்பு. நெட் இழுக்கும்போது மனிதர் பட்டனை இரண்டு முறை தட்டுவார். இரண்டு கோரிக்கையும் ஒரே நேரத்தில் கேட்கும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும், இரண்டு ஓட்டும் ஏறிவிடும். கேட்பதையும் எழுதுவதையும் ஒரே வரியில் டேட்டாபேஸிடமே விடுங்கள்:

```sql
UPDATE slips SET choice = ?
WHERE code = ? AND choice IS NULL;
```

`rowCount()` 1 என்றால் ஓட்டு ஏறியது. 0 என்றால் குறியீடு தப்பு, அல்லது ஏற்கனவே போட்டாயிற்று. எத்தனை முறை தட்டினாலும் முதல் தட்டு மட்டுமே ஏறும்.

சீட்டில் கியூஆர் அச்சடித்தால், அந்த இணைப்பைத் திறந்ததும் ஓட்டு விழும்படி வைத்துவிடாதீர்கள். இணைப்பை யாராவது குடும்பக் குரூப்பில் போட்டால், முன்னோட்டப் படம் காட்டுவதற்காக அந்த ஆப்பே பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கும். சீட்டு அங்கேயே செலவாகிவிடும். பக்கம் `GET`-இல் திறக்கட்டும், ஓட்டு பட்டனை அமுக்கிய பிறகு `POST`-இல் போகட்டும்.

இனி, சீட்டு தொலைந்தால் என்ன செய்வது? எல்லாச் சங்கத்திலும் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. சும்மா இன்னொரு சீட்டு கொடுத்தால், பழையது பீரோவுக்கு அடியிலிருந்து வெளியே வரும், இரண்டு ஓட்டு. எந்த வீட்டுக்கு எந்தக் குறியீடு என்று எழுதி வைத்தால், யார் எதற்குப் போட்டார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு யாரும் மனதுக்குப் பட்டதைப் போடமாட்டார்கள். ஆகவே சீட்டை மடித்து ஸ்டேப்ளர் போட்டு, வெளியே 1 முதல் 240 வரை வரிசை எண் மட்டும் எழுதுங்கள். எந்த வீடு எந்த எண்ணை வாங்கியது என்பது செயலாளரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கட்டும். எண்ணும் குறியீடும் உங்கள் டேட்டாபேஸில் மட்டும். அந்த நோட்டை நீங்கள் பார்க்கக்கூடாது, போட்டோவும் எடுக்கக்கூடாது. நீங்கள் இருவரும் கைகோத்தால் ரகசியம் போய்விடும். இந்த முறைக்கு உள்ள வரம்பு அது, சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

சீட்டைத் தொலைத்தவர் செயலாளரிடம் போவார். செயலாளர் வீட்டைச் சொல்லாமல், ‘87-ஐ மாற்று’ என்று உங்களிடம் எண்ணை மட்டும் சொல்வார்.

```sql
UPDATE slips SET code = ?
WHERE serial = 87 AND choice IS NULL;
```

1 வந்தால் பழைய குறியீடு அந்த நொடியே செத்துவிட்டது, புதுச் சீட்டு கொடுங்கள். 0 வந்தால் அந்தச் சீட்டில் ஓட்டு விழுந்தாயிற்று, புதுசு கிடையாது. ‘நான் போடவே இல்லை, யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள்’ என்று அவர் சத்தியம் செய்தாலும் ஓட்டை அழிக்காதீர்கள். ஒருவருக்கு அழித்தால், நிலவரம் தெரிந்ததும் மனசு மாறிய நாலு பேர் அதே கதையோடு வருவார்கள். தொலைந்தால் உடனே சொல்ல வேண்டும், அதற்குள் விழுந்த ஓட்டு விழுந்ததுதான் என்று சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

விநியோகிப்பதற்கு முன் 241 என்று ஒரு சோதனைச் சீட்டு போடுங்கள். இரண்டு போனில் அதே குறியீட்டை அடித்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு பட்டனை அமுக்குங்கள். இதை இருபது தடவை செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் `choice`-ஐ `NULL` ஆக்கிக்கொண்டு. ஒரு தடவையாவது இரண்டு போனிலும் ‘நன்றி’ வந்தால், `rowCount()`-ஐப் பார்க்காமல் நன்றி சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அதைத் திருத்துங்கள், 241-ஐ அழியுங்கள், அப்புறம் சீட்டைக் கொடுங்கள்.