ஊருக்குத் திரும்பும் தேதியை மாமனார் மாமியாரிடம் சொல்வது

கேள்வி: மாமனாரும் மாமியாரும் எங்களுடன் வந்து தங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஊரில் சொந்த வீடு இருக்கிறது, இருவரும் நடமாட்டமாகவும் இருக்கிறார்கள். இந்தத் தேதியில் கிளம்ப வேண்டும் என்பதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? நான் சொல்வதா, என் கணவர் சொல்வதா?

உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது நீங்களும் அதே அறையில் இருப்பது நல்லது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னால், மருமகள் சொல்லிக்கொடுத்து மகன் ஒப்பிக்கிறான் என்று தோன்றிவிடும்.

எங்கள் வீட்டில் இது ஒரு முறை தவறாகவும் பிறகு ஒரு முறை சரியாகவும் நடந்தது. என் கணவரின் பெற்றோர் 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்தார்கள். அத்தைக்கு நவம்பரில் ஒரு கண்ணிலும் டிசம்பரில் மற்றொரு கண்ணிலும் புரை நீக்கினார்கள். சொட்டு மருந்து விடுவது ஜனவரி இறுதியில் முடிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வந்த காரணம் அதோடு தீர்ந்தது, ஆனால் திரும்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. படுக்கையறைகள் இரண்டே உள்ள வீடு. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவள்.

காணும் பொங்கலன்று மாலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர், மிகவும் மென்மையாகக் கேட்பதாக எண்ணிக்கொண்டு, "அம்மா, எப்ப ஊருக்குப் போறதா உத்தேசம்?" என்று கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். அன்று இரவு வயிறு சரியில்லை என்று சாப்பிடவில்லை. மறுநாள் மதுரையிலிருந்து நாத்தனார் அழைத்து, "அம்மாவைக் கிளம்பச் சொன்னீங்களாமே?" என்றார். கிளம்பச் சொல்லவே இல்லை என்று என் கணவர் சாதித்தார். அவர் பயன்படுத்திய சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உண்மைதான். ஆனால் பெற்றவர்களிடம் கேட்கப்படும் "எப்போது போகிறீர்கள்" என்பதில் தேதி இருக்காது, போகச் சொல்வது மட்டும் இருக்கும். "இன்னும் இருக்கிறேன்" என்று சொன்னால் ஒட்டிக்கொண்டவர் ஆகிவிடுவார், "நாளைக்கே போகிறேன்" என்று சொன்னால் கோபித்துக்கொண்டவர் ஆகிவிடுவார். ஆகவே தேதியைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழியை வேடிக்கைக்குக்கூட வாயில் எடுக்காதீர்கள். மகன் வீட்டில் தங்களை விருந்தாளி என்று சொன்னதாகவே அதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் தனியாகப் பேசினோம். மகளின் தேர்வு மார்ச் 3ஆம் தேதி தொடங்கவிருந்ததால், பிப்ரவரி இறுதிக்குள் அவர்கள் கிளம்பிவிட்டால் நல்லது என்பது என் எண்ணம். சொல்வதற்கும் நியாயமான காரணமாக இருக்கிறதே என்று நினைத்தேன். என் கணவர் அதற்கு ஒப்பவில்லை, இப்போது யோசித்தால் அவர் சொன்னதே சரி. பேத்தியின் தேர்வைக் காரணமாகச் சொன்னால், தாங்கள் அவள் படிப்புக்கு இடைஞ்சல் என்பதுதான் அவர்கள் காதில் விழும். ஊரில் விசாரிப்பவர்களிடம் சொல்லிக்கொள்ளவும் அவர்களுக்கு நல்ல பதில் இருக்காது. நம் வீட்டுச் சிரமத்திலிருந்து பிறக்கும் எந்தக் காரணத்துக்கும் இந்தக் குறை உண்டு. இடப் பற்றாக்குறை, செலவு, வீட்டிலிருந்து பார்க்கும் வேலை, எல்லாமே உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் அவர்களை ஒரு சுமையாக்கியே முடியும். அவர்களுடைய ஊரில், அவர்கள் இருந்தே ஆக வேண்டிய ஒரு நாளைத் தேடிப் பிடித்து, அதற்கு முன்னால் கிளம்பும் தேதியை வைக்க வேண்டும். கோயில் கொடை, அறுவடை, திதி, நெருங்கிய வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவது ஒன்று இல்லாத ஊர் கிடையாது.

எங்களுக்கு அது பங்குனி உத்திரமாக அமைந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் அன்று குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போகாத குடும்பம் அரிது. 2025இல் அது ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. தேர்வு முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகே வரும் நாள் என்பதால், தேர்வுக்கால நெருக்கடியை நாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மகள் எங்கள் அறையில் படித்தாள், நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்தேன். நாம் விரும்பும் நாளைவிட ஐந்தாறு வாரம் தள்ளிப் போனாலும், உறுதியான தேதி உறுதியான தேதிதான்.

பிப்ரவரி 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரம் முடிந்ததும் என் கணவர் பேசினார். ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார்: "அப்பா, இந்த வருஷம் உத்திரத்துக்கு நீங்க ரெண்டு பேரும் கோயில்ல இருக்கணும். ஏப்ரல் 10ஆம் தேதி நைட் நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடறேன், மறுநாள் காலையில உத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்துரலாம். மே முதல் வாரம் நாங்க மூணு பேரும் ஊருக்கு வந்து ஒரு வாரம் இருப்போம். சரஸ்வதி பூஜைக்கு நீங்க மறுபடி இங்க வாங்க." கிளம்பும் தேதி, கிளம்பும் காரணம், நாங்கள் போகும் நாள், அவர்கள் திரும்பி வரும் நாள் எல்லாம் அந்த ஒரே பேச்சில் இருந்தன. கடைசி இரண்டும் இல்லாதிருந்தால் முதல் இரண்டும் அனுப்பிவைப்பதாகவே கேட்டிருக்கும்.

மாமா உடனே எழுந்து போய்ச் சுவரில் இருந்த தினசரி நாட்காட்டியைப் புரட்டினார். "பத்தாம் தேதி வியாழக்கிழமைலா, தெக்க சூலம். அதுவுமில்லாம உத்திரத்தன்னைக்குக் காலைல போய் இறங்கினா படையலுக்கு எப்ப பொங்குறது? ஒம்பதாம் தேதி புதன்கிழமைக்குப் போடு, பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது" என்றார். நாங்கள் சொன்ன தேதியை ஒரு நாள் முன்னால் இழுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு அது அவர் குறித்த தேதியாகிவிட்டது; அன்று மாலையே நாத்தனாரை அவரே அழைத்து, பங்குனி உத்திரத்துக்குத் தாங்கள் ஊருக்குப் போவதாகச் சொன்னார். நீங்களும் சொல்லும் தேதியில் இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்த இடம் விட்டே சொல்லுங்கள். சூலம், அஷ்டமி, நவமி பார்ப்பவர்களாக இருந்தால் அந்த உரிமையை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். நாத்தனார், கொழுந்தனார் யாருக்கும் முன்கூட்டி இதைச் சொல்ல வேண்டாம். அவர்கள் வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்தால் எவ்வளவு நல்ல காரணமும் கெட்டுப்போகும்.

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. ஏப்ரல் 9ஆம் தேதிக்குப் பிப்ரவரி 8 அன்று காலை எட்டு மணிக்குத் திறந்தது, அப்போதே எடுத்துவிட்டோம். மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் வரை எடுக்கலாம் என்பதால் இருவருக்கும் கீழ்ப்படுக்கையே கிடைத்தது. பேசிய வாரத்திலேயே டிக்கெட் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் அனுபவம். டிக்கெட் இல்லாத தேதி அடுத்த அமாவாசைக்குள் கரைந்துவிடும்.

இனித்தான் பெரும்பாலான வீடுகளில் சறுக்கும் இடம். தேதியைச் சொல்லி முடித்ததும் எதிரே உள்ளவர் முகம் சற்று வாடும். அதைப் பொறுக்காமல் மகன், "உங்க வீடுதானே, எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பார். நம் ஊர் உபசாரத்தில் அது தானாக வாயில் வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் முன்னால் சொன்ன அத்தனையையும் அழித்துவிடும். பிறகு மறுபடி சொல்ல நேர்ந்தால் இரண்டாவது முறை கட்டாயம் புண்படும். அந்த இடத்தில் சொல்ல வேண்டியது திரும்பி வரும் நாளைத்தான். "சரஸ்வதி பூஜைக்கு வந்தா தீபாவளி வரைக்கும் இருக்கலாம்" என்பதிலும் அன்பு இருக்கிறது, தேதியும் கெடவில்லை. ரயில் நிலையத்தில் "இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்" என்று சொல்வதில் தவறில்லை. கையில் பெட்டியோடு நிற்பவரிடம் அது வெறும் மரியாதை.

மார்ச் நடுவில் அத்தை முழங்கால் வலி என்றார், டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமா என்றும் கேட்டார். உடனே சரி என்றும் சொல்லாமல், நடிப்பு என்றும் நினைக்காமல், எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பயணத்துக்குத் தடை இல்லை, தினமும் உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார் அவர். திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் உண்மையான கவலை வெளியே வந்தது. ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, தூசி தட்டி, தொட்டியைக் கழுவி, மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு மலைப்பாக இருந்தது. அதைத்தான் அவர் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் சாவி இருந்தது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னதாக ஆள் வைத்து வீட்டைக் கழுவி, தொட்டியைச் சுத்தம் செய்து, கேஸ் சிலிண்டர் பதிந்து வைத்தோம்; கொல்லையில் கரையான் ஏறியிருந்த கதவுக்கு மருந்து அடித்தார்கள். மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. அதன் பிறகு முழங்காலைப் பற்றிய பேச்சே வரவில்லை. உங்கள் மாமியாரும் நாளைத் தள்ளிக்கொண்டே போனால், முதலில் ஊர் வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

கிளம்பும் முன்பு அத்தை இரண்டு சேலைகளையும் தன் பழைய கண்ணாடியையும் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டில் நான் வேறு எதையும் வைக்கவில்லை.

நான் சொன்னது, திரும்பிப் போக வீடும், தனியாக இருக்கத் தெம்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் மட்டும் எஞ்சி இருந்தாலோ, மறதி நோய் தொடங்கியிருந்தாலோ, இரவில் ஆள் துணை தேவைப்பட்டாலோ, தேதி குறிப்பது முறையாகாது. அப்போது பிள்ளைகள் எல்லோரும் கூடி, யார் வீட்டில் எத்தனை மாதம் என்று பேச வேண்டியிருக்கும். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் கணவர் சொல்லத் தயங்கினால் அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஊர் நாட்காட்டியை எடுத்துவைத்து, எந்த நாள் என்பதை முதலில் நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். காரணம் கையில் கிடைத்துவிட்டால் அவருக்கு வாய் தானாகத் திறக்கும். என் கணவருக்குத் திறந்தது.