தக்காளி ஊசிப்புழு: டிகிரி நாள் கணக்கு நம் வயலுக்குச் செல்லுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தை முதல் வாரம் தக்காளி நடப்போகிறேன். போன வருடம் ஊசிப்புழுவுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை மருந்து அடித்தும் காய் தேறவில்லை. டிகிரி நாள் கணக்குப் போட்டால் புழு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று மகன் சொல்கிறான். அது நம் ஊருக்குச் செல்லுமா? எப்படிப் போடுவது?

பதில்: வணக்கம். நம் ஊருக்கும் செல்லும். ஆனால், அந்துப்பூச்சி உங்கள் வயலுக்குள் எந்த நாளில் நுழையும் என்பதை இந்தக் கணக்கால் சொல்ல முடியாது. நுழைந்த நாளை நீங்கள் பொறி வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அது இட்ட முட்டை எப்போது பொரியும், புழு எப்போது இலையை விட்டு இறங்கும், அடுத்த தலைமுறை எப்போது பறக்கும் என்பவற்றை ஓரிரு நாள் முன்பின்னாகச் சொல்லிவிடும்.

பூச்சிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் கிடையாது என்பதால், சுற்றியுள்ள காற்று சூடாக இருந்தால் வேகமாகவும் குளிர்ந்திருந்தால் மெதுவாகவும் வளர்கிறது. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். அதை அடிநிலை வெப்பம் என்கிறோம். அந்த அடிநிலைக்கு மேல் ஒரு நாளில் கிடைக்கும் சராசரி வெப்பமே அன்றைய டிகிரி நாள். 2014ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பிறகு நம் பகுதித் தக்காளிக்கும் வந்து சேர்ந்த தென் அமெரிக்க ஊசிப்புழுவுக்கு இந்த அடிநிலை ஏறக்குறைய 8 டிகிரி செல்சியஸ். முட்டை பொரிவதற்கு சுமார் 104 டிகிரி நாள்கள் சேர வேண்டும். முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக வெளிவர மொத்தம் சுமார் 454 தேவை. இடையில், ஏறத்தாழ 340ஐ எட்டும்போது புழு தீனியை நிறுத்திவிட்டுப் பெரும்பாலும் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது.

கணக்கு மிகவும் எளிது. அன்றைய உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 8ஐக் கழித்தால் அன்றைய டிகிரி நாள் கிடைத்துவிடும். தை மாதத்தில் உச்சம் 28, தாழ்வு 16 என்றால் சராசரி 22, கழித்தால் 14. இந்த வேகத்தில் முட்டை பொரிய ஏழெட்டு நாளும், ஒரு தலைமுறை முடிய 32 நாளும் ஆகும். சித்திரையில் உச்சம் 35, தாழ்வு 24 என்றால் நாளொன்றுக்கு 21.5 சேரும், முட்டை ஐந்தே நாளில் பொரிந்துவிடும், தலைமுறை 21 நாளில் முடிந்துவிடும். தைக்கும் சித்திரைக்கும் ஒரே பத்து நாள் இடைவெளி ஏன் பொருந்தாது என்பது இதிலேயே தெரிகிறது. உச்ச வெப்பம் 35ஐத் தாண்டும் நாள்களில் 35 என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் புழுவின் வளர்ச்சி வேகம் கூடுவதில்லை, குறையவே செய்யும். குளிர் நாடுகளில் இரவு வெப்பம் அடிநிலைக்குக் கீழே போய்விடுவதால் சிக்கலான வளைவுக் கணக்குகள் தேவைப்படுகின்றன. நம் மாவட்டத்தில் மார்கழி இரவிலும் 8 டிகிரிக்குக் கீழே போவது அரிது என்பதால், இந்தச் சாதாரண சராசரியே போதுமானது.

கடினமான பகுதி, எந்த நாளிலிருந்து கூட்டத் தொடங்குவது என்பதுதான். பனி பெய்யும் நாடுகளில் பூச்சிகள் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்து ஒன்றாக எழும்புவதால், அங்கே சனவரி முதல் நாளிலிருந்து கூட்டினாலே ஓரளவு சரியாக வரும். நம் பகுதியில் ஊசிப்புழு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தக்காளி வயலிலோ கத்தரியிலோ மணத்தக்காளிச் செடியிலோ இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, நாள்காட்டியை வைத்துத் தொடங்கினால் கணக்கு முதல் நாளே தவறிவிடும். நாற்று நடும் அன்றே ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறிகளை, செடியின் உயரத்தை ஒட்டித் தாழ்வாக வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை பார்க்கும்போதும் அந்துப்பூச்சி விழுந்திருந்தால், அதில் முதல் முறை பார்த்த நாளே உங்கள் தொடக்க நாள். ஒரே ஒரு முறை ஒன்றிரண்டு விழுந்துவிட்டுப் பிறகு பொறி வெறுமையாக இருந்தால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சனவரி 20, 22 ஆகிய இரண்டு நாள்களிலும் பொறியில் பூச்சி விழுந்ததாக வைத்துக்கொள்வோம். தொடக்க நாள் 20; கூட்டல் 21ஆம் தேதியிலிருந்து. அன்று உச்சம் 28, தாழ்வு 16 என்பதால் 14. மறுநாள் 29, 16 என்பதால் 14.5, மொத்தம் 28.5. இப்படியே கூட்டிக்கொண்டு போகையில் 27ஆம் தேதி முடிவில் 100, 28ஆம் தேதி முடிவில் 115 என்று வந்தால், முதல் முட்டைகள் 28ஆம் தேதி பொரியத் தொடங்குகின்றன. பிப்ரவரியில் வெயில் ஏறி நாளொன்றுக்குச் சராசரியாக 16 சேர்ந்தால், 11ஆம் தேதிவாக்கில் 340ஐயும் 18ஆம் தேதிவாக்கில் 454ஐயும் எட்டும். புதிய அந்துப்பூச்சிகள் இணைசேர்ந்து முட்டையிட ஓரிரு நாள் ஆகும். ஆகவே, இரண்டாம் தலைமுறை முட்டைகள் பொரியத் தொடங்குவது பிப்ரவரி கடைசி வாரத்தில்.

இப்போது உங்கள் பத்து நாள் முறையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். பிப்ரவரி 11க்கும் 18க்கும் இடையில் நீங்கள் அடிக்கும் மருந்து, முதல் புழுக்களில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும் நேரத்தில் இலைமேல் விழுகிறது. அதற்கு முந்தைய தெளிப்பு, பிப்ரவரி முதல் வாரத்தில் என்றால், இலைத் தோலுக்குள்ளும் காய்க்குள்ளும் நன்றாக நுழைந்துவிட்ட பெரிய புழுக்களின் மேல் விழுகிறது. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம் முட்டை பொரிந்து இளம்புழு வெளியே வரும் சில நாள்கள்தான். போன வருடம் உங்களுக்கு மருந்தைவிட நாள்தான் பிசகியிருக்கும் என்பது என் கணிப்பு.

பொரியும் நேரம் ஒரே ஒரு நாளாக அமைவதில்லை. ஒரு பெண் அந்துப்பூச்சி தன் முட்டைகளில் பெரும்பகுதியை ஒரு வாரத்துக்குள் சிறிது சிறிதாக இடுவதால், பொரிதலும் ஒரு வாரம் நீளும். எனவே கூட்டுத்தொகை 104ஐத் தொட்டதும் முதல் தெளிப்பு, ஐந்தாறு நாள் கழித்து இலையைப் பார்த்துத் தேவைப்பட்டால் இரண்டாவது தெளிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலும் இந்தச் சமயத்தில்தான் பயன் தரும். முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவதானால் 104ஐ எட்டும் வரை காத்திருக்கக் கூடாது. தொடக்க நாள் உறுதியானவுடன் கட்டிவிட வேண்டும், பொரிந்த முட்டையில் ஒட்டுண்ணிக்கு வேலை இல்லை. இரசாயன மருந்தானால், ஒரு தலைமுறைக்குப் பயன்படுத்திய வகையை அடுத்த தலைமுறைக்குப் பயன்படுத்தாமல் செயல்படும் விதம் வேறான மருந்துக்கு மாறுங்கள். 454ஐத் தாண்டும் நாள் அந்த மாற்றத்துக்கான நாள். கடைக்காரர் பெயரை மட்டும் மாற்றி அதே வகை மருந்தைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது என்பதால், டப்பாவில் உள்ள மூலப்பொருளைப் படித்துப் பாருங்கள்.

கணக்கு சரியாக ஓடுகிறதா என்பதை இலையிலேயே சோதிக்கலாம். 104ஐ எட்டிய இரண்டு மூன்று நாளில், வயலில் அங்கங்கே இருபது செடிகளைப் பார்த்தால், இலையில் கண்ணாடி போன்ற சிறு திட்டுகளும் அவற்றின் ஓரத்தில் கரும்புள்ளியாக எச்சமும் தெரிய வேண்டும். பாம்பு நெளிந்ததைப் போன்ற மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது இலைச் சுரங்க ஈயின் வேலை. இந்தக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணித்த நாளுக்கு முன்பே திட்டுகள் வந்துவிட்டால், பொறி தாமதமாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்போது, முதல் திட்டைக் கண்ட நாளில் கூட்டுத்தொகையை 104 என்று திருத்தி எழுதிவிட்டு அங்கிருந்து தொடருங்கள்.

வெப்ப அளவை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் அலட்சியம் வேண்டாம். மேகதூத் செயலி தரும் முன்னறிவிப்பு, வரும் நாள்களை முன்கூட்டியே கூட்டிப் பார்க்க உதவும். ஆனால், நடந்து முடிந்த நாள்களுக்கு உங்கள் வயலிலேயே ஓர் உச்ச-தாழ்வு வெப்பமானியை, நிழலில், தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில், காற்று வரும்படி வைத்து எடுப்பதே நல்லது. தகரக் கூரைக்குக் கீழோ சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து மேட்டு நிலத்து விவசாயி ஒருவர் கீழே உள்ள பையூர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு மாதத்தில் 90 டிகிரி நாள்கள் பிசகும். தைக் குளிரில் அது ஆறு நாள். நிழல்வலைக் குடிலுக்குள் தக்காளி வைத்திருப்பவர் வெப்பமானியையும் உள்ளேதான் வைக்க வேண்டும்.

இன்னொரு தவறு பலருக்கும் நேர்கிறது. பொறியில் உள்ள கவர்ச்சிக் குப்பி ஒரு மாதத்துக்கு மேல் போனால் மணம் குறைந்து, பிடிபடும் பூச்சி குறையும். புதுக் குப்பி மாற்றிய அடுத்த நாளே எண்ணிக்கை திடீரென்று ஏறும். அதைப் புதிய தலைமுறை என்று எண்ணிக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிடக் கூடாது. குப்பி மாற்றிய நாளையும் அதே நோட்டில் குறித்து வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

இந்தக் கணக்கு நாளைச் சொல்லும். எத்தனை புழு வரும் என்பதைச் சொல்லாது. மழையில் முட்டை அடித்துப் போவதும், முட்டைகளைத் தின்னும் நாவாய்ப்பூச்சிகள் வயலில் பெருகியிருப்பதும் இதில் சேரா. ஆகவே 104 வந்துவிட்டது என்பதற்காக மட்டும் தெளிக்காமல், இருபது செடிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதே போல், இந்த 8, 454 என்ற எண்கள் ஊசிப்புழுவுக்கு மட்டுமே உரியவை. மக்காச்சோளப் படைப்புழுவுக்கு அடிநிலை ஏறக்குறைய 12.6, தேவை 392. சராசரி 22 டிகிரியில் ஊசிப்புழுவுக்கு 32 நாள் ஆகும் இடத்தில் படைப்புழுவுக்கு 40 நாளுக்கு மேல் ஆகும்.

முதல் இரண்டு தலைமுறைக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். மூன்றாவதில், முன்னே பிறந்ததும் பின்னே பிறந்ததும் கலந்து எல்லாப் பருவப் புழுக்களும் ஒரே செடியில் இருக்கும் என்பதால், கூட்டுத்தொகைக்கு மதிப்பு குறைந்துவிடும். அதைவிடப் பெரிய இடையூறு பக்கத்து வயல். இராயக்கோட்டைச் சந்தையில் விலை விழுந்ததும் பறிகூலிக்குக் கட்டாது என்று காயோடு விட்டுவிடப்பட்ட தோட்டம் ஒன்று அருகில் இருந்தால், அங்கிருந்து அந்துப்பூச்சி நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். அப்படியொரு தோட்டம் இருக்குமானால், நடுவதற்கு முன்பே உரியவரிடம் பேசி அந்தச் செடிகளைப் பிடுங்கி மட்கச் செய்யவோ ஆழ உழுதுவிடவோ பாருங்கள். முடியாமல் போனால், கணக்கை முதல் தலைமுறையோடு நிறுத்திக்கொண்டு, வாரம் இருமுறை பொறியையும் இலையையும் பார்த்தே தெளிப்பை முடிவு செய்யுங்கள்.