மேம்பாட்டாளர் கம்பெனி கலைந்தால் பாதி கட்டிய வீடு என்னாகும்?

"சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்திலிருந்து வெளியே வரத்தான் 240,000 வெள்ளிக்கு வரிசை வீடு வாங்கினேன். கூரையும் உள் வயரிங்கும் முடிந்ததோடு வேலை நின்று இரண்டு வருடமாகிறது. இப்போது கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?"

அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள், ஐயா. வேலை தொடர்ந்து ஆறு மாதம் நின்றால், லோன் கொடுத்த வங்கியின் எழுத்துச் சம்மதமும் வீடமைப்புக் கட்டுப்பாட்டாளரின் சான்றும் பெற்று ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது அதே கலைந்த கம்பெனிதான். ரத்து செய்தால் வீட்டின் மேல் உள்ள பிடியை விட்டுவிட்டு, கம்பெனி பணம் தர வேண்டியவர்களின் வரிசையில் போய் நிற்பீர்கள்.

அந்த வரிசையில், மேம்பாட்டாளருக்குக் கடன் கொடுத்து நிலத்தை அடமானம் பிடித்த வங்கி தன் பங்கை நிலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். மற்ற சொத்திலிருந்து கலைப்புச் செலவு, தொழிலாளர் சம்பளம், சேமநிதிப் பாக்கி போன்றவை முதலில் போகும். மிச்சம் இருந்தால்தான் குத்தகையாளர், சிமெண்டுக் கடைக்காரர், நீங்கள். தாமதத்துக்கு வருடம் 10 சதவீதம், அதாவது உங்களுக்கு 24,000 வெள்ளி நஷ்டஈடு உண்டு. அதுவும் இந்தக் கடைசி வரிசையில்தான். கம்பெனிக் கலைப்பை நடத்தும் லிக்விடேட்டரிடம் கோரிக்கைப் படிவம் கட்டாயம் கொடுங்கள். அதை நம்பிக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தனி நில வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு 10, அடித்தளத்துக்கு 10, தூண்களுக்கு 15, சுவருக்கு 10, கூரை, வயரிங்குக்கு 10 என மொத்தம் 55 சதவீதம்தான் போயிருக்க வேண்டும். அது 132,000 வெள்ளி. மீதி 108,000 இன்னும் உங்களுக்கு லோன் கொடுத்த வங்கியிடம் இருக்கிறது. இதே விலையில் 60 வீடுகள் என்றால் சுமார் 65 லட்சம் வெள்ளி. வேறொரு மேம்பாட்டாளர் வந்து வேலையை எடுத்தால், அவருக்குக் கட்டி முடிக்கப் பணம் இதுதான். கூடவே திட்டத்தின் வீடமைப்புக் கணக்கில் உள்ள தொகையும். வாங்கியவர்களுக்கான கடமைகள் தீரும்வரை அது கம்பெனிச் சொத்தில் சேராது. அதில் எவ்வளவு இருக்கிறது என்று லிக்விடேட்டரிடம் எழுதிக் கேளுங்கள்.

திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முடியாத வேலைக்குச் சான்று கொடுத்து முன்னாலேயே பணம் வாங்கியிருப்பார்கள். வங்கியின் பட்டுவாடாக் கணக்கை எடுத்து, ஒரு பொறியாளரோடு வீட்டைப் போய்ப் பாருங்கள். 75 சதவீதம் போயிருந்து, நிலத்தில் கூரைவரைதான் என்றால், அந்த 20 சதவீதம், அதாவது உங்கள் வீட்டில் 48,000 வெள்ளி, பெரிய ஓட்டை.

சரி, புதியவர் வந்தால்? தாமத நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்கச் சொல்வது வழக்கம். நீதிமன்றம் மூலமான சமரசத் திட்டம் என்றால், கூட்டத்தில் வாக்களிப்பவர்களின் கடன் மதிப்பில் 75 சதவீதம் சம்மதித்து, நீதிமன்றமும் ஏற்க வேண்டும். வீடு கிடைக்கும் என்றால் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் கையெழுத்துக்கு முன், நிலத்தை அடமானம் பிடித்த வங்கி உங்கள் வீட்டை ஏலத்தில் சேர்க்காது என்ற கடிதம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வேலை முடிந்தாலும் கிராண்ட் உங்கள் பெயருக்கு வராமல் நிற்கும்.