சாலைக்கு அடியில் பைப் ஜாக்கிங்: தள்ளுவிசையும் தரை இறக்கமும்

"40 மீட்டர் சாலையைத் தோண்டாமல் 1.5 மீட்டர் வெளிவிட்டமுள்ள கான்கிரீட் பைப் தள்ளணும், மெத்தட் ஸ்டேட்மென்ட்டில் ஜாக்கிங் விசை, செட்டில்மென்ட் பற்றி என்ன எழுதுவது?"

முதலில் விசை. பைப்பின் சுற்றளவு 4.7 மீட்டர். களிமண் உராய்வைச் சதுர மீட்டருக்கு 1 டன் என்று எடுத்தால் 188 டன், முகப்பு எதிர்ப்பு சுமார் 27, ஆக 215 டன். பெண்டோனைட் கரைசல் முழுச் சுற்றுக்கும் போய் உராய்வு பாதியானால் 120 டன்தான் வரும். ஆனால் ஜாக் முட்டுக்கொடுத்துத் தள்ளும் பின்சுவரையும் பைப் மூட்டையும் 215-க்கே சரிபாருங்கள், ஏனென்றால் இரவு வேலையை நிறுத்தினால் மண் பைப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், காலையில் நகர்த்தவே கூடுதல் விசை கேட்கும். சாலைக்கு அடியில் இருக்கும்போது இரண்டு ஷிப்டும் ஓடட்டும்.

அப்புறம் இறக்கம். பைப்பைச் சுற்றி 20 மி.மீ. இடைவெளி வெட்டுகிறோம், அது அப்படியே மூடிக்கொண்டால், பைப் மையம் 4 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது, பைப்புக்கு நேர் மேலே சாலை ஏறக்குறைய 19 மி.மீ. இறங்கும், மண் இழப்பைத் துளையின் பரப்பில் 1 சதவீதத்தில் பிடித்தால் 3.5 மி.மீ.தான். அதனால் கரைசல் அழுத்தம் தள்ளி முடியும்வரை குறையக் கூடாது, முடிந்ததும் சிமென்ட் கிரவுட்.

தார் மேல் ஆணி அடித்து அளப்பதை மட்டும் நம்பாதீர்கள். கீழே மண் இறங்கினாலும் தார்த்தளம் பாலம்போல் சில நாள் தாங்கும், பிறகு ஒரு லாரி ஏறும்போது உடையும். தளத்தைத் துளைத்து, உறைக்குழாய்க்குள் கம்பியை மண்வரை இறக்கி அதன் தலையை அளக்கணும்.